ஸபுர் என்று நான் சொன்ன ஜன்னல்

அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எங்கள் உளவளத்துணை நிலையத்தில் ஒரு பின்னேரம் முழுவதும் வாக்குவாதம் நடந்தது. வென்றவன் நான். என் வாழ்க்கையில் நான் வென்ற வாக்குவாதங்கள் அதிகமில்லை. இதை மட்டும் தோற்றிருக்கலாம்.

நிலையம் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் இருந்தது. ஏற்றத்தில் ஒரு பழைய வாடகை வீடு. முன்னறையில் நாலைந்து பிளாஸ்ரிக் கதிரைகள், உள்ளே கதவு சரியாகச் சாத்தாத இரண்டு அறைகள். ஆசிரியர் கலாசாலையில் இருந்து ஓய்வு பெற்றபின் உளவளத்துணையில் டிப்ளோமா ஒன்று எடுத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். போர் முடியும் வரைக்கும் அங்கே வேலை இருந்தது. இராணுவச் சுற்றிவளைப்பில் மகனைப் பறிகொடுத்த தாய்மார் வந்தார்கள். தடுப்புக்காவலில் இருந்து வந்த பிள்ளைகள் வந்தார்கள். போர் முடிந்தபின் ஆட்கள் குறைவார்கள் என்று நினைத்தோம். குறையவில்லை.

கொழும்பில் இருந்து ஒரு வைத்தியர் வந்து எங்களுக்குப் பயிற்சி தருவார். மாதம் ஒருமுறை எங்களுடைய வேலையைக் கேட்டு, பிழை சரி சொல்லுவதும் அவர்தான். ஒரு பயிற்சியில் அவர் பலகையில் இரண்டு கோடுகளைக் கிடையாகப் போட்டார். இந்த இரண்டு கோட்டுக்கும் இடையில் இருக்கும்போது மனிதனால் உணரவும் முடியும், யோசிக்கவும் முடியும், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்றார். துக்கம் இருக்கலாம், கோபம் இருக்கலாம், அழலாம். ஆனால் ஆள் தன் கையில் இருப்பார். மேல் கோட்டைத் தாண்டினால் நெஞ்சு அடிக்கும், உடம்பு நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது, சின்னச் சத்தத்துக்கும் துள்ளி எழும்புவார், எரிந்து விழுவார். கீழ்க் கோட்டுக்குக் கீழே போனால் எல்லாம் மறுபுறம். உடம்பு கனக்கும், கை குளிரும், சொல் வராது, நேரம் போவது தெரியாது. கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அவருக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. பெரிய அடி பட்ட ஒருவருக்கு இந்த இரண்டு கோடும் நெருங்கிவிடும். சின்ன விஷயமே அவரை மேலே தூக்கும் அல்லது கீழே தள்ளும். அது அவருடைய குற்றமில்லை. உடம்பு தன்னைக் காப்பாற்றச் செய்கிற வேலை. இதைச் சிகிச்சைக்கு வருகிறவருக்கே வரைந்து காட்டவேண்டும், தான் எங்கே நிற்கிறார் என்று அவரே கண்டுகொள்ளும்போது பாதிப் பயம் போய்விடும் என்று வைத்தியர் சொன்னார். ஆங்கிலத்தில் அந்த இடைவெளியை ஒரு ஜன்னல் என்றுதான் அழைக்கிறார்கள்.

அதைத் தமிழில் சகிப்புத்தன்மைச் சாளரம் என்று வைக்கலாம் என ஒருவர் சொன்னார். அது பாடப்புத்தகம்போல இருக்கிறது என்று நான் சிரித்தேன். எங்களோடு வேலை செய்த ஒரு பெண், கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து பேராதனையில் உளவியல் படித்தவர், 'தாங்குற அளவு' என்று வைக்கலாம் என்றார். ஒருவரால் எவ்வளவு தாங்க முடியும் என்பதுதானே விஷயம், தாங்கவேண்டும் என்பதல்லவே என்றும் சொன்னார். அந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்கே விளங்கியது. ஆனால் 'அளவு' என்பது கடையில் துணி வெட்டுகிற சொல்லாகப் பட்டது. 'பொறுமையின் ஜன்னல்' என்று நான் சொன்னேன். காதுக்கு அழகாக இருந்தது. நான் மூத்தவன், தமிழ் படிப்பித்தவன். அந்தப் பெண் மட்டும் விடவில்லை.

"பொறுமைன்னு சொன்னா, பொறுத்துக்கன்னுதான் சேர் கேக்கும். எங்க ஆளுங்களுக்கு அத சொல்றதுக்கு வேற ஆள் வேணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல் மட்டும் என்னுடையதே நின்றது.

பிறகு கண்டிக்குக் கிழக்கே திகனவில் கலவரம் வந்தது. போர் முடிந்து பத்தாண்டு கூட ஆகவில்லை. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. கண்டியில் ஊரடங்கு. நான் வீட்டில் இருந்து கிழக்குப் பக்கத்து வானத்தைப் பார்க்காமல் இருந்தேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது நான் கொழும்பில் இருந்தவன். அதைப்பற்றி இங்கே எழுதப்போவதில்லை, ஒன்றைத் தவிர: சந்தியில் டயர் எரிந்த மணம். அதற்குள் டயர் மட்டும் எரியவில்லை. அன்றிலிருந்து றப்பர் கருகும் மணம் வந்தால் என் காதுக்குள் ஒரு இரைச்சல் தொடங்கும். மற்றவர்களுக்குக் கோடு போட்டுக் காட்டிய நான், அந்தக் கோட்டில் என்னுடைய இடத்தை ஒருநாளும் விரல் வைத்துப் பார்த்ததில்லை.

ஊரடங்கு எடுத்துச் சில கிழமைகளில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் திகனவில் பாதணிக் கடை வைத்திருந்தவர். ஐம்பது வயதிருக்கும். கடைக்கு மேலே வீடு. கூட்டம் வந்தபோது மனைவியையும் மகளையும் பின்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மறைவில் இருத்திவிட்டு, அவர் மேல்மாடிக் கம்பிக்குள்ளால் கீழே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வந்தவர்களில் பலர் வெளியாட்கள். ஆனால் இதுதான் கடை என்று காட்டிக் கொடுத்த இரண்டு பேரும் அதே வீதிக்காரர். ஒருவன் முதல்நாள் பின்னேரம்தான் அவரிடம் செருப்பு வாங்கியவன். அந்த இரண்டு முகத்தையும் கண்டது அவர் ஒருவர்தான். பொலிசில் சொல்லிவிட்டார். இனி நீதவான் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கும். வரிசையாக நிறுத்தியிருக்கும் ஆட்களுக்குள் அந்த இருவரையும் அவர் தொட்டுக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் வழக்கு அங்கேயே செத்துவிடும். அந்த வீதியில் எரிந்த மற்றக் கடைக்காரர்கள் எல்லாரும் அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவரால் நித்திரை கொள்ள முடியவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பி ஓடுகிறார். மகளை ஏசுகிறார், பிறகு அழுகிறார். அணிவகுப்பில் அந்த முகங்களுக்கு முன்னால் போய் நிற்க முடியுமா என்ற பயம் அவருக்கே இருந்தது. அதற்காகத்தான் மனைவி கூட்டிக்கொண்டு வந்திருந்தார். யாரைக் காட்டவேண்டும் என்று நாங்கள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசவுமில்லை. அவர் தன் காலில் நின்று தான் கண்டதைச் சொல்லக்கூடியவராக இருக்கவேண்டும். எங்கள் வேலை அவ்வளவுதான்.

முதல் நாள் அவர் பேசினார். மேல்மாடியில் நின்றதைச் சொன்னார். கீழே சப்பாத்துப் பெட்டிகளை இழுத்து வீதியில் குவித்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய முழங்கால் ஆடத் தொடங்கியது. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"றப்பர் சேர். அவ்வளவு றப்பரும் ஒண்டாப் பத்தினா எப்பிடி ஈக்கும் எண்டு நீங்க…"

அந்த இடத்தில் நான் அவரை நிறுத்தினேன்.

நிறுத்தவேண்டிய இடம்தான் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவர் மேல் கோட்டைத் தாண்டிப் போகும்போது கதையை மேலும் சொல்ல விடக்கூடாது. நிலத்தில் காலை ஊன்றச் சொல்லி, அறையில் உள்ளதைப் பார்க்கச் சொல்லி, மூச்சை மெல்ல வெளியே விடச் சொல்லி, கீழே இறக்கவேண்டும். பயிற்சியில் அப்படித்தான் படித்தோம். ஆனால் நான் நிறுத்தியது அதற்காக இல்லை. என் காதுக்குள் இரைச்சல் தொடங்கிவிட்டது. அந்த மனிதர் அடுத்த சொல்லைச் சொல்லக்கூடாது என்று எனக்கு இருந்தது. அவருக்காக நிறுத்தியிருந்தால் அவரை முதலில் பார்த்திருப்பேன். நான் தாளைத்தான் எடுத்தேன்.

இரண்டு கோடு போட்டேன். மேலே என்ன, கீழே என்ன என்று சொன்னேன். கீழே என்ன என்பதை அவசரமாகச் சொன்னேன் என்று இப்போது நினைவு வருகிறது. நடுங்குகிற மனிதருக்கு அது தேவையில்லை என்று பட்டது. நடுவைக் காட்டி, இதுதான் பொறுமையின் ஜன்னல் என்றேன். அவர் விளங்காமல் பார்த்தார். எனக்கு அப்போது ஒரு கெட்டித்தனம் வந்தது. முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நானா என்று கூப்பிட்டே சொன்னேன்.

"உங்கட பாசையில சொன்னால், நானா, இது ஸபுர் ஜன்னல். இதுக்குள்ள நிண்டால் எல்லாத்தையும் தாண்டலாம்."

அவருடைய கண் நிறைந்தது. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சரியான இடத்தில் தொட்டுவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஸபுர் என்பது அவர்களுக்கு வெறும் பொறுமை இல்லை. சோதனை வந்தால் இறைவனுக்காகக் கைக்கொள்ள வேண்டிய ஒன்று. மையித்து கிடக்கும் இழவு வீட்டில் அதைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அந்தச் சொல்லைப் போட்டதும் என்ன நடந்தது என்றால், என் தாளில் இருந்த இரண்டு கோடும் உடம்பைப் பற்றிய கோடுகளாக இல்லாமல் போயின. உள்ளே நிற்பவர் ஈமான் என்ற இறைநம்பிக்கை உள்ளவர், வெளியே போனவர் தவறியவர் என்று ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே போவது குற்றமில்லை என்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர். அதை நான் ஒரே சொல்லில் கொன்றேன்.

அடுத்தமுறை அவர் அமைதியாக வந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். தாளை நீட்டி, இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். விரலை நடுவில் வைத்தார். அதற்கடுத்த முறையும் நடுவில்தான் வைத்தார். கண்ணை மூடச் சொல்லி, மூச்சை மெல்ல இழுத்து விடச் சொன்னேன். மிக நன்றாகச் செய்தார். இவ்வளவு அசையாமல் இருந்து மூச்சுப் பயிற்சி செய்த ஒருவரை நான் கண்டதில்லை. முடிந்தபின் கண்ணைத் திறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதையும் நான் ஆழ்ந்த அமைதி என்றே எடுத்துக்கொண்டேன். றப்பரைப் பற்றி அவர் பிறகு பேசவேயில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்குச் சுகமாக இருந்தது.

மனைவிதான் ஒருநாள் போகும்போது தயங்கி நின்றார். இப்போது ஏசுகிறாரில்லை, அழுகிறாரில்லை, தின்னச் சொன்னால் தின்கிறார், படுக்கச் சொன்னால் படுக்கிறார், மகள் பரீட்சை முடிவு சொன்னபோதும் சரி என்று மட்டும் சொன்னார் என்றார். அவர் அதை முறைப்பாடாகத்தான் சொன்னார். நான் வாழ்த்தாகக் கேட்டேன்.

"நல்லம் தங்கச்சி. ஆள் இறங்கி வாறார்."

இறங்கித்தான் போனார். எங்கே என்று நான் பார்க்கவில்லை.

கலஹாப் பெண் முன்னறையில் இருந்து அவரைக் கண்டிருக்கிறார். அந்த மனிதர் வெளியே வந்து, தன் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு படியிறங்கிப் பாதிவழி போய்விட்டாராம். மனைவி கூப்பிட்டுத்தான் திரும்பினாராம். பாதணிக் கடைக்காரர், சேர், என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னார். காலில் கல் குத்தியதுகூடத் தெரியவில்லையாம். அமைதியான மனிதருக்கு மறதி வரக்கூடாதா என்று நான் கேட்டேன்.

"அவரு அமைதியா இல்லீங்க சேர். அவரு அங்க இல்லவே இல்ல. கையத் தொட்டுப் பாத்தீங்களா? அடிக்கோட்டுக்குக் கீழ போயிட்டாரு. அவருக்குப் போய்க் கண்ணை மூடி மூச்சு விடச் சொல்றீங்க. அது மேல இருக்கிறவங்கள இறக்கிறதுக்கு. இவர எழுப்பணும் சேர், எழுந்திருச்சு நடக்க வைக்கணும்."

சொன்னது முழுக்கச் சரி. கீழே விழுந்த ஒருவரை அமைதிப்படுத்தினால் அவர் இன்னும் கீழே போவார். அவரை எழுப்பி நிறுத்தவேண்டும், சுவரை இரண்டு கையாலும் தள்ளச் சொல்லவேண்டும், காரமான மணம் ஒன்றைக் காட்டவேண்டும், சுற்றிப் பார்த்து என்ன தெரிகிறது என்று வாய்விட்டுச் சொல்ல வைக்கவேண்டும். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அதே பயிற்சியில் அதே வரிசையில் இருந்துதான் நானும் படித்தேன். ஆனால் அவரை மேலே கொண்டுவந்தால் அவர் மீண்டும் பேசுவார். றப்பரில் இருந்து தொடங்குவார். அவர் தாளில் நடுவில்தானே விரல் வைக்கிறார் என்று அந்தப் பெண்ணுக்குப் பதில் சொன்னேன்.

"நீங்க அதுக்கு ஸபுர்னு பேரு வச்சா, வேற எங்க சேர் வைப்பாரு?"

வைத்தியரிடம் கேட்போம் என்று அந்தப் பெண் சொன்னார். மாதக் கூட்டம் அணிவகுப்புக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன்னம் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். தேவையில்லை, ஆள் தயாராக இருக்கிறார் என்று நான் சொன்னேன். மூத்தவன் என்றபடியால் அத்தோடு முடிந்தது.

அணிவகுப்பில் நடந்ததை மனைவி சொல்லித்தான் அறிந்தேன். மனைவியை உள்ளே விடவில்லை. கணவர் பிறகு சொன்னதை வைத்துச் சொன்னார். ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அவர் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரைக்கும் நடந்தார். திரும்பவும் நடக்கச் சொன்னார்கள். திரும்பவும் நடந்தார். யாரையும் தெரிகிறதா என்று கேட்டபோது, இல்லை என்றார். அவ்வளவுதான். அந்த இருவரும் பிணையில் வந்து அடுத்த கிழமையே வீதியில் நின்றார்கள். ஒருவன் அவரைக் கண்டு தலையசைத்து வணக்கம் வைத்தானாம். அதை ஊர் பார்த்தது.

ஊர் சொன்னது என்னவென்றால், அவர் ஒத்துப்போய்விட்டார், அதே இடத்தில் கடையைத் திரும்பத் திறக்கவேண்டும் என்பதற்காக அவர்களோடு சமாதானமாகிவிட்டார், தன் கடையைக் காக்க மற்றவர்களின் கடைகளை விற்றுவிட்டார். தொழுகையில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் குறைந்தார்கள். மகளோடு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பேசவில்லை.

மனைவி அவரைத் திரும்பவும் கூட்டிவந்தார். அன்றைக்குக் கலஹாப் பெண் என்னைக் கேட்கவில்லை. எழும்பிப் போய் அவர்களை உள்ளே கூப்பிட்டார். நான் மூலையில் இருந்தேன். தாள் இல்லை, கோடு இல்லை. அவரை இருக்கவே விடவில்லை. வாங்க நானா, இந்தச் சுவரத் தள்ளுவோம், விழுந்தா வீட்டுக்காரர் எங்களத்தான் ஏசுவார் என்றார். அவர் சும்மா கையை வைத்தார். இன்னும் பலமா, என்றார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுவரைத் தள்ளினார்கள். பிறகு அறையில் உள்ளதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். கதிரை, அலுமாரி, சேர், என்றார் அவர். என்னைத்தான் சொன்னார். மனைவி கொண்டுவந்த கைப்பையில் இருந்து கிராம்பு ஒன்றை எடுத்துக் கடிக்கக் கொடுத்தார். இப்படிக் கொஞ்ச நேரம். அவருடைய முகத்தில் மெல்ல இரத்தம் ஏறியதை நான் கண்ணால் கண்டேன். அதற்கு முன்னம் அந்த முகத்தில் அது இல்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விரல்கள் நடுங்கத் தொடங்கின. அந்தப் பெண் அதை நிறுத்தவில்லை. நடுங்கினா பரவாயில்ல, நான் இருக்கேன், மெல்ல, என்றார். கொஞ்சம் பேச விடுவார், நடுக்கம் கூடினால் தரையில் காலை அழுத்தச் சொல்லுவார், திரும்பப் பேச விடுவார். அந்தக் குறுகிய இடத்துக்குள் அவரைக் கையைப் பிடித்துப் பிடித்து நடத்துவதுபோல இருந்தது.

அப்போதுதான் அவர் சொன்னார்.

"அவனக் கண்டேன். ரெண்டு பேரயும் கண்டேன். கண்ணாடிக்கு அங்கால நிக்கிற மாதிரி ஈந்திச்சி. கைய தூக்கணும் எண்டு தெரியும். கை என்டதா எண்டு தெரியல்ல. வாயத் தெறந்தா அழுதிருவேன், ஸபுர் போயிரும் எண்டு… சேர் செல்லித் தந்த மாதிரி உள்ளுக்கே நிண்டேன்."

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. சொன்ன பாடத்தை ஒழுங்காகச் செய்த மாணவன் வாத்தியாரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு தலையைச் சுவரில் வைத்து, சத்தம் போட்டு அழுதார். மனைவி அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு, அழுங்க, அழுங்க என்றார்.

இது வரைக்கும் நான் செய்தது பிழை. பிழை எல்லாரும் விடுவார்கள். வைத்தியரும் அதையே சொன்னார். மாதக் கூட்டத்தில் கலஹாப் பெண் விஷயத்தைச் சொல்ல, வைத்தியர் என்னிடம் திரும்பி, அவர் பேசும்போது உங்களுக்குள் என்ன நடந்தது என்று கேட்டார். சிகிச்சை தருகிறவருக்கும் இதே ஜன்னல் உண்டு, தன்னுடையது மூடும்போது அவர் மற்றவரைப் பேசவிடமாட்டார் என்றார். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றேன். என் வாழ்க்கையில் எண்பத்து மூன்று என்று ஒன்று இல்லாததுபோலச் சொன்னேன்.

இனிமேல் எழுதுவது பிழை இல்லை.

மனைவி ஒரு உதவி கேட்டார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவர் ஒத்துப்போகவில்லை, அன்றைக்கு அவருக்கு உடம்பும் மனசும் தன் வசத்தில் இல்லை, அது ஒரு நிலை, வைத்தியத்தில் அதற்குப் பெயர் இருக்கிறது என்று. ஒரு சேர் சொன்னால் நம்புவார்கள். கணவரும் பக்கத்தில் இருந்து, சொல்லுங்கள் என்று தலையாட்டினார். ஆகவே இரகசியம் என்ற தடையும் எனக்கு இருக்கவில்லை. ஓம், சொல்லுறன் என்றேன்.

சில நாளில் நிர்வாகத்தில் ஒருவர் அம்பிட்டியவுக்கே வந்தார். வெள்ளைத் தொப்பி, மரியாதையான பேச்சு. பாதிக்கப்பட்ட இன்னும் பல குடும்பங்களை எங்கள் நிலையத்துக்கு அனுப்ப யோசிக்கிறோம், சேரைப் பற்றி நல்லாகக் கேள்விப்பட்டோம் என்று தொடங்கினார். தேநீர் குடித்தார். பிறகு கேட்டார்.

"அந்தப் பாதணிக் கடை நானா விஷயம். அவர் அங்க போக முந்தி நல்லா ஈந்தாரா, இல்லையா? அது மட்டும் செல்லுங்க சேர். மத்தத நாங்க பாத்துக்குவோம்."

நல்லாக இருக்கவில்லை என்று சொன்னால், அப்படியானால் ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்பார். நான் இரண்டு கோடு போட்டுக் காட்டியதையும், அதற்கு ஒரு பெயர் வைத்ததையும், அந்தப் பெயர் அவருடைய வேதத்தில் இருந்து நான் இரவல் எடுத்தது என்பதையும் அவர் முன்னால் சொல்லவேண்டிவரும். இதெல்லாம் யோசிக்க எனக்கு நேரம் தேவைப்படவில்லை. மிகத் தெளிவாக இருந்தேன். நெஞ்சு அடிக்கவில்லை, கை குளிரவில்லை. எந்தக் கோட்டையும் நான் தாண்டவில்லை. ஜன்னலின் நடுவில் நின்றுதான் சொன்னேன்.

"என்னட்ட வரேக்க நல்லாத்தான் இருந்தவர்."

அவர் தலையைக் குனிந்து, அப்பிடியா, என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கலஹாப் பெண் அன்றைக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்தக் குடும்பம் திகனவை விட்டுப் போனது. கடை இருந்த நிலத்தை விட்டு, மனைவியின் சகோதரர் இருக்கும் ஊருக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். போவதற்கு முன்னம் மனைவி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். கலஹாப் பெண்தான் பேசினார். என்னிடம் கொடுக்கவா என்று கேட்டதற்கு, வேண்டாம் தங்கச்சி, சேர் என்ன சென்னார் எண்டு எங்களுக்கு வந்து சேந்திட்டு என்றாராம். அந்தப் பெண் இதை என்னிடம் சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த மாதம் பேராதனைப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். போகும் நாளில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடமும் சொல்லிக்கொண்டார், மற்றவர்களிடம் சொன்னது போலவே. அவருக்குப் பிறகு எங்கள் தாள்களில் 'தாங்கும் அளவு' என்று மாற்றி அச்சடித்தோம். ஏன் மாற்றுகிறோம் என்று புதிதாக வந்தவர்கள் கேட்டபோது, அது எளிமையான தமிழ் என்று சொன்னேன்.

ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. நான் நிலையத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். ஒரு முற்பகலில் பஸ் ஏறித் திகனவுக்குப் போனேன். எரிந்த கடைகள் பலவற்றைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். அந்த நிர்வாகி ஒரு புடைவைக் கடைக்காரர், கடையிலேயே இருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டு, கதிரை போட்டு இருத்தினார். நான் சுற்றிவளைக்காமல் சொன்னேன். அன்றைக்கு உங்களுக்குச் சொன்னது பொய். அவர் நல்லாக இருக்கவில்லை. அவர் அந்த இருவரையும் கண்டார், காட்ட முடியாமல் போனது என்னால். எப்படி என்றும் சொன்னேன். அந்தச் சொல்லையும் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு பெண்கள் துணி பார்க்க வந்தார்கள். பையன்களைக் கூப்பிட்டு அவர்களைக் கவனிக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப அது எதுக்கு சேர்? அவங்க போய்ட்டாங்க. ஊர்ல எல்லாரும் அவர்ட பேச்ச விட்டுட்டாங்க. இப்ப நான் போய் அவர் குத்தமில்லாதவர் எண்டு சென்னா, அந்த மனிசன ஊர விட்டுப் போக வெச்ச நாங்க ஆரு?"

துணி பார்த்துக்கொண்டிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"சேர் வயசான ஆள். மனசில வெச்சிக்கொள்ளாதீங்க. அல்லாஹ் எல்லாத்தயும் அறிவான்."

அவர்களுடைய புதிய விலாசம் இருக்கிறதா என்று கேட்டேன். தேடிப் பார்க்கலாம் என்றார், தேடமாட்டார் என்று இருவருக்கும் தெரிந்தது. கடைப் பையன் போய்த் தேநீர் வாங்கி வந்தான். அதைக் குடித்து முடித்தேன். மறுக்கலாம்தான், மறுக்கவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது என் உடம்பு இலேசாக இருந்தது. சொல்லிவிட்டோம் என்பதால் வந்த நிம்மதி என்று முதலில் நினைத்தேன். பஸ்ஸில் ஏறி இருந்து கொஞ்ச தூரம் போனபின்தான் அது என்ன என்று பிடிபட்டது. இனி யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்று அந்த மனிதர் எனக்குச் சொல்லிவிட்டார். அதைக் கேட்கத்தான் நான் போயிருக்கிறேன். விலாசத்தை இரண்டாம் முறை நான் கேட்கவில்லை.